பாதி வளையத்தில் விளக்கு அணைந்தால்: கூடுதல் அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதும் முறை

இராமநாதபுரம் கடற்கரையை ஒட்டிய ஒரு கல்லூரியில் ஒளியியல் ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். மழைக்காலம் வந்துவிட்டால் என் மேசைக்கு ஒரே மாதிரிக் கடிதங்கள் வரத் தொடங்கும். "கருவி பழுதடைந்த காரணத்தால் ஆய்வறிக்கையை முடிக்க இயலவில்லை. சில நாட்கள் அவகாசம் அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." எழுதிய பிள்ளை பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கடிதத்தை வைத்து நான் எதையும் முடிவு செய்ய முடியாது. எந்தக் கருவி, எந்த இடத்தில் வேலை நின்றது, கையில் என்ன அளவீடு இருக்கிறது, இன்னும் என்ன பாக்கி, அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று ஒன்றுமே அதில் இருக்காது. கூப்பிட்டு உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருக்கும். அந்தப் பதில்களையெல்லாம் எழுதினால் அதுதான் கடிதம்.

முதலாண்டு முடித்து இப்போதுதான் ஒளியியல் லேபுக்குள் வந்திருக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாச் சோதனைக்கும் பொதுவாகச் சொன்னால் பயன்படாது. அதனால் எங்கள் லேபில் அடிக்கடி நடக்கிற ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்: நியூட்டன் வளையச் சோதனை பாதியில் இருக்கும்போது சோடியம் விளக்கு போய்விடுவது.

விளக்கு போன அந்த நிமிடம்

கடிதம் எழுத உட்காரும்போது தொடங்குகிற வேலை இல்லை இது. விளக்கு கண் சிமிட்டும்போதே தொடங்குகிறது. அந்த நேரத்தில் அப்சர்வேஷன் நோட்டில் நான்கு வரி எழுதினீர்கள் என்றால் கடிதத்தின் பாதி முடிந்தது.

சோடியம் விளக்கைப் போட்டதும் அது மஞ்சளாக எரியாது. முதலில் இளஞ்சிவப்பாகத்தான் எரியும். அது குழாய்க்குள் இருக்கும் நியான் வாயுவின் நிறம். அந்தச் சூட்டில் சோடியம் மெல்ல ஆவியாகும். பத்து நிமிடம் போல ஆனதும் நன்றாக மஞ்சள் பிடிக்கும். பழைய விளக்கு தளரும்போது இதெல்லாம் தலைகீழாக நடக்கும். மஞ்சள் மங்கும், ஒளி துடிக்கும், மறுபடி சிவப்புக்குப் போகும், சில சமயம் அப்படியே அணைந்துவிடும்.

பழுது எங்கே என்று ஓரளவு நீங்களே பார்த்துச் சொல்லிவிடலாம். துளிகூட ஒளி வரவில்லை என்றால் மின் இணைப்பு, பியூஸ், சோக் இவற்றைச் சந்தேகிக்கலாம். சிவப்பாக எரிகிறது, அரை மணி நேரம் ஆகியும் மஞ்சள் ஆகவில்லை என்றால் மின்சாரம் வருகிறது, ஆனால் சோடியம் ஆவியாகவில்லை. ஒன்று மின்னழுத்தம் குறைவாக இருக்கும், அல்லது விளக்குக்கு வயதாகியிருக்கும். பக்கத்து மேசை விளக்கைப் பாருங்கள். அது அதே லைனில் நன்றாக மஞ்சளாக எரிந்தால் மின்னழுத்தத்தில் குற்றமில்லை. உங்கள் விளக்கை அந்த சோக்கில் மாட்டியும் சிவப்பிலேயே நின்றால் போனது விளக்குதான். இந்த மாற்றிப் பார்க்கும் வேலையை மட்டும் லேப் அட்டெண்டர் அண்ணனிடம் விட்டுவிடுங்கள். சோக்கிலிருந்து விளக்குக்குப் போவது வீட்டு மின்சாரத்தைவிட அதிக மின்னழுத்தம். எங்கள் ஊர் உப்புக் காற்றில் அந்த முனைகளெல்லாம் பச்சை பூத்துப் போயிருக்கும், ஈரக் கையோடு தொடவே கூடாது.

நோட்டில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: மணி எத்தனை, விளக்கு என்ன செய்தது, மைக்ராஸ்கோப் எந்த வளையத்தில் நின்றது, யார் வந்து பார்த்து என்ன சொன்னார்கள். அதன் கீழே அட்டெண்டரிடமோ அப்போது லேபில் இருக்கும் ஆசிரியரிடமோ ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். பழுதுப் பதிவேட்டில் அன்றைக்கே பதிந்துவிட்டார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்து "விளக்கு எப்போப்பா போச்சு?" என்று நான் கேட்கும்போது நினைவிலிருந்து சொல்வதற்கும், எழுதி வைத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இன்னொன்று. விளக்கு அணைந்ததும் எல்லோரும் லென்சை எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைக்கப் போவார்கள். கொஞ்சம் பொறுங்கள். மாற்று விளக்கு அரை மணியில் கிடைக்கும் என்றால் லென்சையும் மைக்ராஸ்கோப்பையும் அப்படியே விட்டு, ஒரு துணி மூடி, "தொடாதீர்கள்" என்று சீட்டு ஒட்டி வையுங்கள். ஒன்றும் அசையாமல் இருந்தால் விட்ட வளையத்திலிருந்தே தொடரலாம், கடிதமே தேவைப்படாது. அடுத்த பேட்ச் வந்து காத்திருந்தால் இது நடக்காது. அப்போது எடுத்துத்தான் ஆக வேண்டும்.

எது நிற்கும், எது போய்விடும்

கடிதத்தின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. மாணவர்கள் அதிகம் தவறுவதும் இங்கேதான்.

நியூட்டன் வளையத்தில் நாம் அளப்பது வளையத்தின் விட்டத்தை. இடது ஓரத்தில் ஒரு அளவீடு, வலது ஓரத்தில் ஒரு அளவீடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விட்டம். மைக்ராஸ்கோப் திருகில் பின்னடைவுப் பிழை வராமல் இருக்க ஒரே திசையில்தான் நகர்த்துவோம். இடது பக்கம் 20-ஆவது கருவளையத்தில் தொடங்கி 18, 16 என்று 2 வரை வந்து, மையத்தைக் கடந்து, வலது பக்கம் 2, 4, 6 என்று 20 வரை போவோம். கடல் காற்றில் துருப்பிடித்த திருகுகளில் இந்தப் பின்னடைவு இன்னும் கூடுதலாக இருக்கும் என்பதால், திருப்பிச் சுற்றினாயா என்று எங்கள் லேபில் கண்டிப்பாகவே கேட்போம்.

இப்போது ஒரு மாணவியின் நோட்டைப் பார்ப்போம். பாம்பன் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளை. இடது பக்கம் 20 முதல் 2 வரை பத்து அளவீடும் எடுத்துவிட்டாள். வலது பக்கம் 2, 4, 6 எடுத்தாள். 8-க்கு நகர்த்தும்போது விளக்கு சிவப்புக்குப் போய் அணைந்துவிட்டது. எடுக்க வேண்டிய 20 அளவீட்டில் 13 கையில் இருக்கிறது. அவள் எழுதிக் கொண்டுவந்த முதல் கடிதத்தில், "பெரும்பாலான அளவீடுகள் முடிந்துவிட்டன, மீதி மட்டும் எடுக்க வேண்டும்" என்று இருந்தது.

"மீதி ஏழை எப்படிம்மா எடுப்ப?" என்றேன்.

"விளக்கு வந்ததும் வலது பக்கம் 8-லிருந்து எடுத்துடுவேன் மேடம்."

"லென்ஸ் இப்ப எங்க இருக்கு?"

"பெட்டில வெச்சுட்டோம் மேடம், அடுத்த பேட்ச் வந்துட்டாங்க." சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

லென்சை எடுத்து மறுபடி வைத்தால் மையம் பழைய இடத்தில் இருக்காது. அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவளையே கணக்குப் போடச் சொன்னேன். வளைவு ஆரத்துக்கான சூத்திரம் தெரிந்ததுதான்:

```
R = (Dm² − Dn²) / (4 λ (m − n))
```

வளைவு ஆரம் 100 செ.மீ. உள்ள லென்சுக்குச் சோடியம் ஒளியில், அதாவது 5893 ஆங்ஸ்ட்ராமில், 20-ஆவது வளையத்தின் விட்டம் 0.687 செ.மீ., 10-ஆவது வளையத்தின் விட்டம் 0.486 செ.மீ. போல வரும். இவற்றைப் போட்டால் R சரியாக 100 கிடைக்கும். இடது அளவீடு பழையது, வலது அளவீடு புதியது, நடுவில் மையம் 0.05 செ.மீ. நகர்ந்துவிட்டது என்று வைப்போம். விட்டங்கள் 0.737, 0.536 என்று ஆகும். இரண்டிலும் ஒரே அளவுதானே கூடியிருக்கிறது, கழித்தால் போய்விடும் என்று தோன்றும். போகாது. நாம் கழிப்பது வர்க்கங்களை. போட்டுப் பார்த்தால் R 108-ஐத் தாண்டிவிடும். அரை மில்லிமீட்டர் நகர்வுக்கு எட்டு விழுக்காட்டுக்கு மேல் பிழை.

ஆக அந்த 13 அளவீட்டில் நிற்பவை ஆறு மட்டும்தான், அதாவது 2, 4, 6 ஆகிய மூன்று வளையங்களின் விட்டம். இடது பக்கத்தின் மற்ற ஏழும் துணையில்லாத அளவீடுகள். நிற்கிற மூன்றை வைத்து அறிக்கையை முடித்துவிடலாமா? கோடு போடலாம், மூன்று புள்ளி இருக்கிறது. ஆனால் மையத்துக்கு அருகில் உள்ள வளையங்கள் அகலமானவை. குறுக்குக் கம்பியை அந்தக் கருப்புப் பட்டையில் எங்கே நிறுத்துவது என்பதிலேயே ஐயம் வரும். லென்சும் கண்ணாடித் தட்டும் தொடுகிற இடத்தில் ஒரு தூசி இருந்தாலும் உள்வளையங்கள்தான் முதலில் கெடும். அதை மட்டும் நம்பி முடிவு எழுதுவது சரியில்லை.

கடிதத்தில் எழுத வேண்டியது இதுதான். பத்து விட்டங்களில் மூன்று முழுமை. ஏழில் இடது அளவீடு மட்டும் உண்டு. அமைப்பைக் கலைத்துவிட்டதால் அந்த ஏழைப் புதிய வலது அளவீட்டோடு சேர்க்க முடியாது. எனவே முழுத் தொகுதியையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். இப்படி எழுதுகிற மாணவரிடம் நான் வேறு எதையும் கேட்க மாட்டேன். சோதனை புரிந்திருக்கிறது, அவகாசம் ஏன் வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிட்டது.

உங்கள் சோதனை வேறாக இருந்தால் இதே கேள்வியை அதற்குக் கேளுங்கள். ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகக் கோணத்தை எடுத்து முடித்துவிட்டு, சிறும விலக்கக் கோணத்தின்போது விளக்கு போனால் முப்பட்டகக் கோணம் அப்படியே நிற்கும். அது முப்பட்டகத்தின் சொந்தக் குணம், விளக்கு மாறினாலும் மாறாது. அடுத்த முறை விலக்கக் கோணம் மட்டும் எடுத்தால் போதும். அங்கே குறைவான அவகாசம் கேட்பதே நேர்மை.

மாற்று வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்

கடிதம் படிக்கிற ஆசிரியருக்கு உடனே தோன்றும் கேள்வி, "வேறு விளக்கு வைத்து எடுத்திருக்கலாமே?" என்பது. பதிலையும் கடிதத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

சாதாரண எல்.இ.டி. பல்பு உதவாது. வெள்ளை ஒளியில் பல அலைநீளங்கள் கலந்திருப்பதால் ஒவ்வொன்றின் வளையமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். மையத்தைச் சுற்றி ஒரு சில வண்ண வளையங்கள் தெரியும், அதற்கு மேல் எண்ண முடியாது. இருபதாவது வளையத்துக்கு எங்கே போவது?

பாதரச விளக்கோடு பச்சை வடிகட்டி வைத்தால் முடியும். ஆனால் அலைநீளம் 5461 ஆங்ஸ்ட்ராம் என்று மாறும், வளையங்களும் சுருங்கும். மேலே சொன்ன லென்சில் 20-ஆவது வளையம் 0.687-லிருந்து 0.661 செ.மீ.-க்கு வந்துவிடும். சோடியத்தில் எடுத்த பழைய விட்டங்களையும் பாதரசத்தில் எடுத்த புதிய விட்டங்களையும் ஒரே அட்டவணையில் போடக்கூடாது. முழுவதையும் பாதரசத்தில் எடுக்க வேண்டும், கணக்கில் 5461 என்று போட வேண்டும், ஆசிரியரிடம் முன்அனுமதியும் வாங்க வேண்டும். பழக்கதோஷத்தில் 5893 என்றே போட்டுவிட்டு, R ஏன் குறைவாக வருகிறது என்று விழிப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

பக்கத்து மேசை நண்பரின் அளவீட்டை வாங்கி எழுதுவது மாற்று வழியில்லை. விட்டம் ஒத்துப்போகலாம். ஆனால் மைக்ராஸ்கோப் அளவுகோலில் இடது, வலது அளவீடுகள் ஒவ்வொருவருக்கும் வேறு இடத்தில்தான் விழும், லென்சை வைத்த இடத்தைப் பொறுத்து. மூன்று தசமம் வரை இருவருக்கும் ஒன்றாக இருந்தால் அது எடுத்த அளவீடு இல்லை. சூத்திரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு விட்டங்களை நிரப்பினாலும் தெரிந்துவிடும். வரைபடத்தில் பத்துப் புள்ளியும் நூல் பிடித்தாற்போல் கோட்டில் உட்கார்ந்திருக்கும். கையால் எடுத்த அளவீடு அப்படி உட்காராது. அவகாசம் கேட்டு வாங்குவது இதையெல்லாம் விட எவ்வளவோ எளிது, அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

எத்தனை நாள் கேட்பது

"சில நாட்கள்" என்று எழுதாதீர்கள். நாளை எண்ணிச் சொல்லுங்கள், அந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்றும் சொல்லுங்கள்.

அந்த மாணவிக்கு லேப் செவ்வாய்க்கிழமை, நவம்பர் 11. அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் வெள்ளி, நவம்பர் 14. மாற்று விளக்கு 17-ஆம் தேதி திங்களன்று வரும் என்று அட்டெண்டர் சொல்லியிருக்கிறார். அவளுடைய பேட்சுக்கு அடுத்த லேப் 18-ஆம் தேதி செவ்வாய். மூன்று மணி நேர லேபில் விளக்கு மஞ்சளாக 10 நிமிடம், லென்சையும் 45 பாகைக் கண்ணாடியையும் சரிசெய்து வளையத்தை நடுவில் கொண்டுவர முக்கால் மணி, ஒரு தொகுதி அளவீட்டுக்கு ஒரு மணி நேரம் போலக் கணக்கு வைக்கலாம். பழகாத கைக்கு இதற்குக் குறைந்து வராது. ஆக ஒரே லேபில் முடித்துவிடலாம், இன்னொரு நாள் தேவையில்லை. புதன் கணக்கும் வரைபடமும், வியாழன் ரெக்கார்டு எழுத, வெள்ளி 21 அன்று கொடுத்துவிடலாம். மழைக்காலத்தில் பாம்பன் போய்ச் சேர இருட்டிவிடும், மாலையில் லேபில் தங்க முடியாது என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் ஒரு நாள் கூடுதலாக வைத்தாள். அது நியாயமான நாள்தான்.

விளக்கு 18-ஆம் தேதியும் வரவில்லை என்றால்? இதற்கு இன்னொரு கடிதம் எழுதும்படி வைக்காதீர்கள். "வராவிட்டால் தங்கள் அனுமதியோடு பாதரச விளக்கில் அதே நாளில் எடுக்கிறேன்" என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் 21 என்ற தேதி எப்படியும் நிற்கும். ஆசிரியருக்கு வேண்டியது அந்த உறுதிதான். மதிப்பெண்ணை எப்போது ஏற்றுவது என்று அவரும் ஒரு கெடுவுக்குள் இருக்கிறார்.

கெடு நாளுக்கு முன்பே கொடுக்க முடிந்ததைக் கொடுக்கவும் முன்வாருங்கள். நோக்கம், சூத்திரம், படம், செய்முறை, எடுத்தவரை அளவீடு, பழுது பற்றிய குறிப்பு எல்லாம் தயாராகத்தானே இருக்கும். அதை 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டால் பாக்கி இருப்பது அளவீடும் முடிவும் மட்டும் என்று ஆகிவிடும்.

கடிதம்

இவ்வளவையும் வைத்து அவள் இரண்டாம் முறை எழுதியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது. அடைப்புக்குறிக்குள் இருப்பவற்றை உங்களுக்கேற்ப நிரப்பிக்கொள்ளுங்கள்.

> அனுப்புநர்
> (பெயர்), (பதிவெண்),
> இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்,
> செவ்வாய்க்கிழமை பேட்ச்.
>
> பெறுநர்
> விரிவுரையாளர் அவர்கள்,
> ஒளியியல் ஆய்வகப் பொறுப்பு,
> இயற்பியல் துறை.
>
> பொருள்: நியூட்டன் வளைய ஆய்வறிக்கையை நவம்பர் 21 அன்று அளிக்க அனுமதி வேண்டுதல்.
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> வணக்கம். நவம்பர் 11, செவ்வாய் அன்று நியூட்டன் வளையச் சோதனை செய்துகொண்டிருந்தபோது காலை 11.50 மணிக்கு மூன்றாம் மேசையின் சோடியம் விளக்கு மங்கி, இளஞ்சிவப்பாகி, அணைந்துவிட்டது. ஆய்வக உதவியாளர் வேறு சோக்கில் மாட்டிப் பார்த்தும் அரை மணி நேரம் வரை மஞ்சள் ஒளி வரவில்லை. பழுதுப் பதிவேட்டில் அன்றே பதியப்பட்டுள்ளது. அவர் கையெழுத்திட்ட குறிப்பேட்டுப் பக்கத்தின் நகலை இணைத்துள்ளேன்.
>
> எடுக்க வேண்டிய பத்து வளைய விட்டங்களில் 2, 4, 6 ஆகிய மூன்று முழுமையாக உள்ளன. 8 முதல் 20 வரையுள்ள ஏழு வளையங்களுக்கு இடது பக்க அளவீடு மட்டுமே உள்ளது. அடுத்த பேட்சுக்காக லென்ஸ் அமைப்பைக் கலைத்துவிட்டதால் அந்த ஏழையும் பயன்படுத்த முடியாது. எனவே முழுத் தொகுதியையும் மீண்டும் எடுக்க வேண்டியுள்ளது.
>
> மாற்று விளக்கு நவம்பர் 17 அன்று வரும் என உதவியாளர் தெரிவித்தார். எங்கள் பேட்சின் அடுத்த வகுப்பான நவம்பர் 18 அன்று அளவீடுகளை எடுத்து, கணக்கும் வரைபடமும் முடித்து, நவம்பர் 21, வெள்ளி அன்று அறிக்கையை அளித்துவிடுகிறேன். அதற்குள் விளக்கு வராவிட்டால், தங்கள் அனுமதியுடன், பாதரச விளக்கும் பச்சை வடிகட்டியும் கொண்டு அதே வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன்.
>
> அறிக்கையின் நோக்கம், செய்முறை, படம், இதுவரை எடுத்த அளவீடு ஆகியவற்றை நவம்பர் 14 அன்றே அளிக்கிறேன். கெடு நாளை நவம்பர் 21 வரை நீட்டித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> தங்கள் மாணவி,
> (கையெழுத்து)
>
> இடம்: (ஊர்)
> நாள்: நவம்பர் 12

சில விஷயங்களைக் கவனியுங்கள். பொருள் வரியிலேயே தேதி வந்துவிட்டது. மேசை நிறையக் கடிதம் இருக்கிறவருக்கு அந்த ஒரு வரி போதும். "தாழ்மையுடன்" என்ற சொல் எங்கும் இல்லை, ஆனாலும் மரியாதை குறையவில்லை. மரியாதை "மதிப்பிற்குரிய", "தங்கள்", "அவர்கள்" இவற்றிலேயே இருக்கிறது. யார் மீதும் குறை சொல்லவில்லை. "உதவியாளர் சரியாகக் கவனிக்கவில்லை" என்று எழுதியிருந்தால் கடிதம் அவகாசத்தை விட்டுவிட்டு வேறு பஞ்சாயத்துக்குப் போயிருக்கும். விளக்கு போனதற்கு உப்புக் காற்று காரணமா, வயது காரணமா என்றெல்லாம் அவள் ஊகிக்கவும் இல்லை. பார்த்ததை மட்டும் எழுதினாள்.

நாளையும் பாருங்கள். பழுது நடந்த மறுநாளே கடிதம் என் கையில் இருந்தது. கெடு முடிந்தபின் வரும் கடிதத்தில் எவ்வளவு நல்ல காரணம் இருந்தாலும், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். புயல் எச்சரிக்கை, பாலத்தில் காற்று வேகம் கூடி ரயில் நின்றது என்று நேரில் வர முடியாத நாட்கள் எங்கள் பக்கம் உண்டு. அப்போது கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, அடுத்து வரும் நாளில் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்தால் போதும். இரண்டிலும் ஒரே தேதி இருக்கட்டும்.

ஆண் ஆசிரியருக்கு "ஐயா" என்று மாற்றிக்கொள்ளுங்கள். நேரில் "சார்", "மேடம்" என்று கூப்பிட்டாலும் தாளில் ஐயா, அம்மா நன்றாகவே இருக்கிறது. துறைத் தலைவர் வழியாகத்தான் கடிதம் போக வேண்டும் என்ற வழக்கம் உங்கள் கல்லூரியில் இருந்தால் பெறுநருக்குக் கீழே "வழி: துறைத் தலைவர்" என்று சேருங்கள். ஆங்கில வழியில் படிப்பவர்கள் ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே விவரங்கள் இதே வரிசையில் இருக்கலாம்.

அனுமதி கிடைத்த பிறகு

ஆசிரியர் கையெழுத்திட்ட கடிதத்தின் நகல் ஒன்றை ரெக்கார்டில் அந்தச் சோதனைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். செய்முறைத் தேர்வின்போது வெளியிலிருந்து வருபவர் தேதிகளைப் பார்த்துவிட்டு, இது மட்டும் ஏன் ஒரு வாரம் பிந்தியிருக்கிறது என்று கேட்கக்கூடும். பழைய அளவீட்டுப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள், அடித்துக் கறுப்பாக்கவும் வேண்டாம். குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, "விளக்குப் பழுது, நவம்பர் 18 அளவீட்டைப் பார்க்க" என்று எழுதுங்கள்.

அந்த மூன்று பழைய விட்டங்களுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. அதே லென்ஸ், அதே சோடியம் ஒளி என்றால் 2, 4, 6 வளையங்களின் விட்டம் புதிய தொகுதியிலும் ஏறத்தாழ அதேதான் வர வேண்டும். மைக்ராஸ்கோப்பின் மீச்சிற்றளவு 0.001 செ.மீ. இரண்டு ஓரங்களையும் சேர்த்து, அகல வளையத்தின் ஐயத்தையும் சேர்த்து, இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் வரலாம். அதைத் தாண்டி விலகினால், அதுவும் மூன்றும் ஒரே பக்கமாக விலகினால், லென்சுக்கும் தட்டுக்கும் நடுவில் தூசி புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் பெட்டியிலிருந்து எடுக்கும் லென்சில் பூஞ்சைப் படலமும் இருக்கும். மெல்லிய துணியால் துடைத்து, மையம் நன்றாகக் கறுப்பாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

18-ஆம் தேதி காலை அந்த மாணவி மணியடிக்கப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதே வந்து, அண்ணனிடம் சொல்லி விளக்கைப் போட வைத்துவிட்டாள். பேட்ச் உள்ளே வரும்போது மூன்றாம் மேசை முழுக்க மஞ்சளாக இருந்தது.